காவேரிக்கு மசக்கை

திருவையாறு
05.08.2025

அன்புள்ள ஆயிஷா,

உன் கடிதம் போன வாரம் வந்தது. ஹஜ்ஜுப் பெருநாளில் கறியை மூன்று பங்காக்கி, சொந்தக்காரர்களுக்கும் இல்லாதவர்களுக்கும் கொடுப்பதைப் பற்றி எழுதியிருந்தாயே, அதை அப்பாயிக்கு வாசித்துக் காட்டினேன். இன்னொரு தடவை வாசிக்கச் சொல்லிக் கேட்டார்.

"ஆறு உங்களுக்குச் சாமியா?" என்று கேட்டிருந்தாய். நேற்று முன்தினம் ஆடிப்பெருக்கு. அதைச் சொன்னால் உனக்கே புரியும்.

அப்பாயிக்குக் காவேரி சாமி என்பதைவிட வீட்டுப் பெண். ஆடியில் அவள் மாசமாக இருக்கிறாளாம். மசக்கைக்காரிக்கு வாய்க்கு ருசியாக வேண்டுமில்லையா? அதற்குத்தான் புளியோதரை, தேங்காய் சாதம், எலுமிச்சை சாதம், சர்க்கரைப் பொங்கல், தயிர்சாதம். விடியற்காலை மூன்று மணிக்கே அம்மா அடுப்பு மூட்டிவிட்டார். ஊறவைத்த அரிசியில் வெல்லம், எள், தேங்காய்ப் பல் போட்டுக் காப்பரிசி கலந்தது நான்தான்.

மேட்டூரில் இந்த வருஷம் ஜூன் 12 அன்றே தண்ணீர் திறந்துவிட்டார்கள். படித்துறையில் பாதிப் படிகள் முழுகிக் கிடந்தன. வாழை இலையில் மஞ்சள் பிள்ளையார் வைத்து, விளக்கேற்றி, காதோலை கருகமணியை ஆற்றில் விட்டோம். அவளுக்கு நகை அதுதான். அப்புறம் பெண்கள் எல்லோரும் ஒருவருக்கொருவர் மஞ்சள் கயிறு கட்டிக்கொண்டார்கள். தம்பி சப்பரத்தை இழுத்துக்கொண்டு படித்துறையையே சுற்றிச் சுற்றி வந்தான்.

அக்காவுக்கு வைகாசியில் கல்யாணம் ஆனது. ஆடிக்கு அழைத்து வந்திருக்கிறோம். மாமாவும் அன்றைக்கு வந்திருந்தார். எடுத்து வைத்திருந்த கல்யாண மாலைகளை இரண்டு பேரும் தண்ணீரில் விட்டார்கள். சருகாகிப் போன ரோஜா, தொட்டாலே உதிர்ந்தது. தண்ணீர் பட்டதும் நார் மெல்ல நெகிழ்ந்தது. ஒரு சுழலில் இரண்டு மாலையும் சேர்ந்து சுற்றிவிட்டு ஒன்றாகவே போயின. அக்கா கண்ணில் மறையும்வரை பார்த்துக்கொண்டே நின்றாள். பிறகு தாலிக்குப் புதுக்கயிறு மாற்றினார்கள்.

உங்கள் தாமிரபரணி வற்றாத ஆறு. எங்களுக்கு அப்படி இல்லை. நான் சின்னப் பிள்ளையாக இருந்தபோது ஒரு வருஷம் ஆற்றில் மணல்தான். அப்பாயி அடிபைப்பில் ஒரு குடம் அடித்து, அதற்குப் பொட்டு வைத்துக் கும்பிட்டார். "எங்க இருக்காளோ, சாப்பிட்டாளோ" என்றார். அன்றைக்குக் காப்பரிசியை யாருமே கேட்டு வாங்கவில்லை. இந்த வருஷம் அவர் முழங்கால் தண்ணீரில் இறங்கி, கை நிறையச் சோறு விட்டார். எங்களுக்குக் கொடுக்கும்போது சொல்வது மாதிரியே, "தின்னு தாயி" என்றார். நான் அதைக் கேட்டேன் ஆயிஷா. சாமியிடம் பேசுகிற குரல் இல்லை அது.

சரி, ஒன்று கேட்க வேண்டும். உன் அக்கா நிக்காஹ்வில் கருகமணி கட்டினார்கள் என்று முன்பு எழுதியிருந்தாய். நாங்கள் ஆற்றில் விடுவதும் கருகமணிதான். உங்கள் கருகமணி எப்படி இருக்கும்? யார் கட்டுவார்கள்? விவரமாக எழுது. அப்பாயியும் கேட்கச் சொன்னார்.

உன் உம்மாவுக்கு என் வணக்கத்தைச் சொல்.

உன் அன்புத் தோழி,
செல்வி