ஒரே விளம்பரம், இரண்டு ஹூக்: கசியாத தண்ணீர் பாட்டிலுக்கான 30 விநாடி ஸ்கிரிப்ட்

படப்பிடிப்பு, எடிட்டிங், விளம்பரம் ஓட்டுதல் ஆகிய மூன்று குழுவினருக்கும் இந்த ஒரே பிரதிதான். இதில் முதல் 5 விநாடிகள் மட்டும் இரண்டு வடிவங்களில் எழுதப்பட்டுள்ளன. 5ஆவது விநாடியிலிருந்து 30ஆவது விநாடி வரை இரண்டு வீடியோக்களிலும் அதே காட்சி, அதே குரல், அதே ஒலி அளவு இருக்க வேண்டும். ஒருவர் தனக்கு நேரக்கூடிய இழப்பைக் கண்டு நிற்கிறாரா, கண்ணெதிரே நடக்கும் சோதனையைக் கண்டு நிற்கிறாரா என்பது ஒன்றே நாம் அறிய விரும்புவது. ஆகவே கை, மேசை, நோட்டு, நீல மை, வெளிச்சம், குரல் கொடுப்பவர் என எதுவும் இரண்டுக்குமிடையே மாறக்கூடாது. பின்னணிக் குரலில் இரு ஹூக்குக்கும் ஏழேழு சொற்களே வைத்திருக்கிறேன். ஒன்றை அவசரமாகவும் மற்றொன்றை நிதானமாகவும் பேசிவிட்டால், நாம் ஒப்பிடுவது கருத்தையா பேச்சு வேகத்தையா என்று பிறகு சொல்ல முடியாது.

பலர் ஒலியை நிறுத்தி வைத்துத்தான் பார்ப்பார்கள் என்பதால், குரலைக் கேட்காதவருக்கும் புரியும்படி காட்சியும் திரை எழுத்தும் அமைந்துள்ளன. செங்குத்து வடிவம், 1080 × 1920.

ஹூக் A: நனைந்த பக்கம் (0–5 விநாடி)

0–2: மேலிருந்து சாய்வாகக் கீழ்நோக்கிய கோணம். மேசையில் பை. ஜிப் பாதி திறந்திருக்க, கை உள்ளே சென்று நோட்டை வெளியே எடுக்கிறது. நோட்டின் மூலையிலிருந்து தண்ணீர் சொட்டுகிறது. முதல் சொட்டு முதல் விநாடிக்குள் விழ வேண்டும். பையைத் திறப்பதைக் காட்டிக்கொண்டிருக்க நேரமில்லை.

2–4: நெருக்கக் காட்சி. ஒட்டிக்கொண்ட இரண்டு பக்கங்களை விரல் மெல்லப் பிரிக்கிறது. நீல மை பரவி, எழுத்துகள் நிழல்போல எதிர்ப்பக்கத்தில் பதிந்திருக்கின்றன. பிரியும்போது தாளின் ஓரம் சற்றுக் கிழிகிறது.

4–5: கை நனைந்த நோட்டை ஒதுக்கிவிட்டு, நம் பாட்டிலை மேசையின் நடுவில் நிமிர்த்தி வைக்கிறது.

குரல்: “எழுதி முடித்த பக்கம் இது. பையில் பாட்டில் கசிந்துவிட்டது.”

திரை எழுத்து: நேற்று இரவு எழுதியது

கசிந்த பாட்டிலைக் காட்ட வேண்டாம். எந்தப் பாட்டிலைக் காட்டினாலும் அது இன்னொரு தயாரிப்பைக் குறை கூறுவதாகத் தோன்றும். தவிர, பார்ப்பவர் தம் பையில் இருக்கும் பாட்டிலைத் தாமே நினைத்துக்கொள்வதுதான் நமக்கு வேண்டியது.

ஹூக் B: தலைகீழ்ச் சோதனை (0–5 விநாடி)

0–2: அதே மேசை, அதே கோணம். திறந்த நோட்டில் அப்போதுதான் எழுதப்பட்ட வரிகளின் ஈர மை மின்னுகிறது. அதற்கு மேலே, மூடிய பாட்டிலைக் கை சட்டென்று தலைகீழாகக் கவிழ்க்கிறது.

2–4: அதே நிலையில் மூன்று முறை பலமாகக் குலுக்குகிறது. சட்டகத்தில் மூடியும் எழுத்தும் ஒருசேரத் தெரிய வேண்டும்.

4–5: கை பாட்டிலை நிமிர்த்தி மேசையின் நடுவில் வைக்கிறது. எழுத்து கலையாமல் இருக்கிறது.

குரல்: “பாட்டில் நிறையத் தண்ணீர். கீழே மை காயாத பக்கம்.”

திரை எழுத்து: ஒரு துளி போதும்

இந்த 5 விநாடிகளும் வெட்டில்லாத ஒரே ஷாட்டாக இருக்க வேண்டும். நடுவில் ஒரு கட் விழுந்தாலும் “வெற்றுப் பாட்டிலை மாற்றிவிட்டார்கள்” என்ற ஐயம் வந்துவிடும். சோதனை என்ற பெயருக்கே அப்புறம் பொருளில்லை.

பொதுப் பகுதி (5–30 விநாடி)

5–11: மூடியின் உட்புறம், மிக நெருக்கமாக. குரல்: “காரணம் மூடிக்குள் இருக்கிறது. திருகும்போது இந்தச் சிலிக்கோன் வளையம் கழுத்தின் விளிம்பில் அழுந்தி உட்காருகிறது.”

(“காரணம்” என்ற சொல்லை மாற்ற வேண்டாம். A-க்குப் பின் அது கசிவின் காரணமாகவும், B-க்குப் பின் கசியாமையின் காரணமாகவும் ஒலிக்கிறது. முந்தைய வரைவில் “வேறுபாடு” என்று எழுதியிருந்தேன். அது A-யுடன் ஒட்டவே இல்லை.)

11–16: பாட்டிலின் வெளிப்புறத்தை விரல் தடவிக் காட்டுகிறது; விரல் உலர்ந்திருக்கிறது. குரல்: “இரட்டைச் சுவர்களுக்கிடையே காற்று இல்லை. குளிர்ந்த நீர் ஊற்றினாலும் வெளியே வியர்ப்பதில்லை.”

16–22: வளையத்தைக் கழற்றி, குழாயடியில் கழுவி, மீண்டும் பொருத்துகிறது கை. குரல்: “வளையத்தைக் கழற்றிக் கழுவுங்கள். திரும்ப மாட்ட மறந்தால் இதுவும் கசியும்.”

22–27: நோட்டின் பக்கத்தில் பாட்டில் படுக்கைவாட்டில் பைக்குள் செல்கிறது, ஜிப் மூடும் ஓசை மட்டும். குரல் இல்லை.

27–30: வெள்ளைப் பின்னணியில் பாட்டில். பொத்தான்: விவரம் பார்க்க. கீழே சிறிய, ஆனால் படிக்கக்கூடிய எழுத்தில்: சோடா போன்ற காற்றேற்றிய பானங்களை இதில் அடைக்க வேண்டாம்.

ஒப்பிடும் முறை

கோப்புகளின் பெயர் `bottle_hook_a.mp4`, `bottle_hook_b.mp4`. இணைப்புகளின் இறுதியில் முறையே `utm_content=hook_a`, `utm_content=hook_b` என்று வர வேண்டும். விளம்பரத் தளத்தின் பிரித்துச் சோதிக்கும் வசதியிலேயே இரண்டையும் ஓட்டுங்கள். ஒரே விளம்பரத் தொகுப்பில் சேர்த்துப் போட்டால், தொடக்கத்தில் தற்செயலாக முந்துவதற்கே தளம் அதிக வாய்ப்பைக் கொடுத்து மற்றதைப் பட்டினி போட்டுவிடும். அதோடு ஒரே நபர் இரண்டையும் பார்த்துவிடவும் கூடும்.

முதலில் பார்க்க வேண்டியது, விளம்பரம் கண்ணில் பட்ட நூறு பேரில் எத்தனை பேர் 3 விநாடியைத் தாண்டினார்கள் என்பது. ஒரு ஹூக்குக்கு 30 சதவீதமும் மற்றதற்கு 33 சதவீதமும் வந்தால், அந்த இடைவெளியை 5 சதவீத முக்கியத்துவ மட்டத்திலும் 80 சதவீதக் கண்டறியும் திறனிலும் நம்புவதற்கு ஒவ்வொரு பக்கமும் ஏறத்தாழ 3,800 பேர் போதும். பொத்தானை அழுத்துவோர் எண்ணிக்கைக்கு அது போதாது. 1 சதவீதத்துக்கும் 1.2 சதவீதத்துக்கும் உள்ள இடைவெளியை அதே அளவுகோலில் உறுதிசெய்யப் பக்கத்துக்குச் சுமார் 43,000 பேர் வேண்டும். எனவே பக்கத்துக்கு 45,000 பேர் என்று வைத்து, முழுமையாக 7 நாட்கள் ஓட்டுவோம். விடுமுறை நாளில் பார்ப்பவரும் வேலை நாளில் பார்ப்பவரும் ஒரே மாதிரி நடந்துகொள்வதில்லை. இரண்டாம் நாள் எண்களைக் கண்டு யாரும் நிறுத்திவிட வேண்டாம்.

A அதிகம் பேரை நிறுத்தி வைக்கும் என்றுதான் எனக்குத் தோன்றுகிறது. நனைந்த நோட்டைக் கண்டு விரலை நகர்த்துவது கடினம். ஆனால் அது வருத்தத்தைப் பார்க்க நிற்பவர்களையும் சேர்த்தே நிறுத்தும். அதனால் முடிவை முன்கூட்டியே எழுதி வைக்கிறேன்: 3 விநாடியில் A முந்தி, பொத்தானை அழுத்துவோர் விகிதத்தில் B முந்தினால், B-யையே எடுத்துக்கொள்வோம். அழுத்துவதில் தெளிவான இடைவெளி இல்லையென்றால் மட்டும் 3 விநாடிக் கணக்கு தீர்மானிக்கட்டும்.

படப்பிடிப்பில் B-யை முதலில் எடுத்துவிடுங்கள். A-க்கு ஒரே எழுத்து, ஒரே மையில் ஐந்து நோட்டுகள் எழுதி வைத்திருக்கிறோம். ஒரு டேக்குக்கு ஒன்று வீதம் வீணாகும், ஆறாவது டேக் கிடையாது. காட்சிக்குப் பத்து நிமிடம் முன்னால் நனைத்தால்தான் பக்கங்கள் ஒட்டிக்கொள்ளும். அதற்கு மேல் ஊறினால் தாள் கூழாகி, பிரிக்கும் காட்சியே கிடைக்காது.