லைப்சிக்கில் ஓராண்டு

படத்தில் என் கையில் இருப்பது நம் சேலத்துத் தட்டுவடை செட். செவ்வாய்ப்பேட்டையிலிருந்து அம்மா அனுப்பிய தட்டைகளின் நடுவே கேரட், பீட்ரூட் துருவலையும் இரண்டு சட்னிகளையும் வைத்து, உடன் பணிபுரியும் செவிலியர்களுக்குக் கொடுத்த அன்று எடுத்தது. ஒருவர் இரண்டாவது முறையும் கேட்டு வாங்கினார். ஜெர்மனிக்கு வந்து இன்றோடு ஓராண்டு நிறைவதால், கைகூடியவற்றையும் இன்னும் கைகூடாததையும் சேர்த்தே எழுதுகிறேன்.

தொடக்கத்தில் வார்டு தொலைபேசி ஒலித்தாலே எனக்கு வியர்த்துவிடும். நேரில் பேசினால் முகக்குறிப்பும் கைச்சாடையும் துணைக்கு வரும். தொலைபேசியிலோ மொழி ஒன்றுதான் துணை. இப்போது இரவில் மருத்துவரை அழைத்து, நோயாளியின் நிலையை நானே தடங்கலின்றிச் சொல்கிறேன். சாக்சனி வட்டாரப் பேச்சில் முதியவர்கள் சொல்லும் வேடிக்கைக்கு, மற்றவர்களோடு சேர்ந்து நானும் உரிய நேரத்தில் சிரிக்கிறேன். ஜனவரிக் குளிரில் இரண்டு நாளாகியும் அசையாதிருந்த இட்லி மாவை, துண்டில் சுற்றி ஹீட்டரின் அருகே வைத்ததும், விடிவதற்குள் அது மூடியைத் தள்ளிக்கொண்டு பொங்கி நின்றது. தேர்வில் தேறிய நாளைவிட அன்றுதான் இந்த ஊரில் என்னால் வாழ முடியும் என்ற நம்பிக்கை வந்தது.

ஆனால் இந்த மகிழ்ச்சிகளை அந்தந்த நேரத்தில் சொல்ல ஆளில்லை. மாலைப் பணி முடிந்து நான் வீடு திரும்பும் வேளையில் சேலத்தில் நள்ளிரவு தாண்டியிருக்கும். காலையில் அழைத்தால் அப்பா கொலுசுப் பட்டறையில் வேலையாக இருப்பார், அம்மா அடுப்படியில் இருப்பார், இரவு நெஞ்சு நிறைய இருந்தது அதற்குள் வெறும் செய்தியாகச் சுருங்கிப்போயிருக்கும். ஞாயிறுதான் கடினம். சட்டப்படி கடைகள் அடைத்திருக்கும். டிசம்பரில் நான்கு மணிக்கே இருட்டிவிடும். ஏற்காட்டு ஏரிக்கரையிலிருந்து தோழிகள் அனுப்பும் படங்கள் அந்நேரத்தில்தான் வந்து சேரும். இங்குள்ளவர்கள் அன்பானவர்கள், அதில் எனக்கு ஐயமில்லை. இருந்தாலும், சொல்லாமல் கொள்ளாமல் போய் வாசலில் நின்று, "சாப்பிட ஏதாவது இருக்கிறதா?" என்று கேட்கும்படியான ஒரு வீடு இந்த ஊரில் எனக்கு இன்னும் அமையவில்லை. மொழி பழகப் பழக இந்தத் தனிமை தானே குறைந்துவிடும் என்று நினைத்திருந்தேன். மொழி வந்துவிட்டது, தனிமை அப்படியேதான் இருக்கிறது.

ஆகவே நம் ஊர் உறவுகளிடமும் தோழிகளிடமும் உரிமையோடு ஒன்று கேட்கிறேன். ஞாயிறு மாலை ஏழரை மணிக்கு, இங்கே பிற்பகல் மூன்று மணி, நேரம் கிடைப்பவர்கள் அழையுங்கள். விசேஷச் செய்தி எதுவும் இருக்க வேண்டியதில்லை. கடைவீதியில் என்ன காய் வாங்கினீர்கள் என்று சொன்னாலும் போதும். லைப்சிக்கிலேயே இருக்கும் தமிழர்கள் யாரேனும் இதைப் படித்தால், சொல்லாமலே என் வீட்டுக்கு வரலாம். மாவு எப்போதும் இருக்கும்.