கடைமடை உழவர் குழு: மழை, காற்று, வெயில் செய்திகள்

📌 முதல் செய்தி (மேலே ஊசி குத்தி வைத்திருக்கிறேன்)

ஐயா, அம்மா, வணக்கம் 🙏
செவ்வாய், வெள்ளி மாலை 6 மணிக்கு வானிலைச் செய்தி வரும். புயல் என்றால் எந்த நேரமும் வரும். எழுத்து வாசிக்க வராதவர்கள் படத்தை மட்டும் பாருங்கள். கீழேயே என் குரல் பதிவும் இருக்கும்.

🌧️ = மழை, 6 சென்டிமீட்டர் வரை
🌧️🌧️ = கனமழை, 7 முதல் 11
🌧️🌧️🌧️ = மிகக் கனமழை, 12 முதல் 20
💨 = காற்று
🌀 = புயல்
⚡ = இடி, மின்னல்
🔥 = கடும் வெயில்
💧 = பனி
❓ = வரலாம், வராமலும் போகலாம்
✅ = செய்யுங்கள்
❌ = செய்யாதீர்கள்

செய்தியைப் பார்த்ததும் 👍 போடுங்கள். 👍 வராத வீட்டுக்கு நானே போன் செய்வேன். காலை வணக்கப் பூப்படங்களை இங்கே அனுப்பாதீர்கள். அவற்றுக்கு அடியில் மழைச் செய்தி புதைந்துபோகிறது.

———

ஐப்பசி 4, செவ்வாய்

🌧️🌧️ ⚡ புதன், வியாழன்
🌧️❓ வெள்ளி

🌾 நட்ட சம்பா
❌ யூரியா
✅ வடிகால் வாயைத் திறந்து வையுங்கள்

🌱 தாளடி நாற்று
❌ வியாழன் வரை நடவு வேண்டாம்
✅ நாற்றங்காலில் தண்ணீரை வடியுங்கள்

⚡ இடி கேட்டால் 🌳❌ மரத்தடியில் நிற்காதீர்கள். மாட்டையும் மரத்தில் கட்டாதீர்கள்.

———

ஐப்பசி 4, இரவு

மேலத்தெரு அண்ணன் குரல் பதிவில் கேட்டிருக்கிறார்: "மழைக்கு முன்னால் உரம் போட்டால்தானே மண்ணில் இறங்கும்?"

அண்ணே, தூறலுக்கு அது சரி. நாளை இரண்டு 🌧️🌧️. வரப்பு வழிந்தால் யூரியா கரைந்து வாய்க்காலோடு போய்விடும். மூட்டை வீட்டிலேயே இருக்கட்டும். மழை விட்டதும் தண்ணீரைக் கணுக்கால் அளவுக்கும் கீழே வடித்துவிட்டுப் போடுங்கள்.

———

கார்த்திகை 5, வெள்ளி ‼️

🌀 வங்கக் கடலில் புயல் சின்னம்
🌧️🌧️🌧️ 💨💨 சனி இரவு, ஞாயிறு
🟠 நம் மாவட்டத்துக்கு வானிலை மையம் ஆரஞ்சு எச்சரிக்கை கொடுத்திருக்கிறது

நாளை மதியத்துக்குள்:
🌾 ✅ எல்லா வடிகாலையும் திறந்துவிடுங்கள். பக்கத்து வயல்காரரிடம் பேசிவிட்டுத் திறந்தால் ஞாயிற்றுக்கிழமை சண்டை இருக்காது.
🥥 ✅ முற்றிய தேங்காய், காய்ந்த மட்டையை இறக்குங்கள்
🍌 ✅ வாழைக்குச் சவுக்குக் கம்பால் முட்டுக் கொடுங்கள்
🐄 ✅ மாடு, ஆட்டை மேட்டுக்கு ஓட்டி வாருங்கள். வைக்கோலைத் தார்ப்பாய் போட்டு மூடுங்கள்
🔌 ❌ மோட்டார். மெயின் சுவிட்சை அணைத்துவிடுங்கள்
❌ உரம் ❌ மருந்து

———

கார்த்திகை 6, சனி, மாலை 5 மணி

🌀💨💨 காற்று தொடங்கிவிட்டது.
❌ வயலுக்குப் போகாதீர்கள். மடை அடைத்திருக்கிறதா என்று இரவில் விளக்கோடு போய்ப் பார்க்க வேண்டாம். பயிரைப் பிறகு தேற்றிக்கொள்ளலாம்.
❌ அறுந்து கிடக்கும் மின்கம்பி ⚡
ஆபத்து என்றால் 📞 1077

காற்று திடீரென்று நின்றால் புயல் முடிந்தது என்று வெளியே வராதீர்கள். புயலின் நடுப்பகுதி நம் மேல் கடந்தால் கொஞ்ச நேரம் அமைதியாக இருக்கும். பிறகு எதிர்ப்பக்கத்திலிருந்து அடிக்கும். கஜாவைப் பார்த்தவர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

———

கார்த்திகை 7, ஞாயிறு

🌀 கரை கடந்துவிட்டது
🌧️ மாலை வரை விட்டுவிட்டு மழை
👍 போடாத நான்கு வீட்டிலும் பேசிவிட்டேன். எல்லோரும் நலம்.

📷 மூழ்கிய வயலை, வரப்பும் பக்கத்து அடையாளமும் தெரியும்படி இன்றே படம் எடுங்கள். கிராம நிர்வாக அலுவலரிடமும் வேளாண்மை அலுவலரிடமும் நாளை காலை சொல்லுங்கள். தண்ணீர் வடிந்த பிறகு எடுத்த படத்தை வைத்துக்கொண்டு இழப்பை நிரூபிப்பது கடினம்.

———

கார்த்திகை 9, செவ்வாய்

☀️ மூன்று நாள் மழை இல்லை

🌾 மூழ்கிய சம்பா
✅ முதலில் தண்ணீரை வடியுங்கள். பயிரின் நுனி வெளியே தெரிந்தால் தேறும்.
✅ வடிந்த பிறகு, ஒரு ஏக்கருக்கு:
யூரியா 22 கிலோ
ஜிப்சம் 18 கிலோ
வேப்பம் புண்ணாக்கு 4 கிலோ
மூன்றையும் கலந்து ஓர் இரவு வையுங்கள் 🌙
காலையில் பொட்டாஷ் 17 கிலோ சேர்த்து வயலில் இடுங்கள் ☀️

❌ தண்ணீர் நிற்கும் வயலில் போடாதீர்கள்
❌ பயிர் மஞ்சளாக இருக்கிறதே என்று இரண்டு மடங்கு யூரியா போடாதீர்கள். பச்சை ஏறும், பின்னாலேயே இலைச்சுருட்டுப் புழுவும் புகையானும் வரும். கடைக்காரர் நீட்டும் மருந்துப் புட்டிக்கும் இதே பதில்தான்: முதலில் வயலைப் பாருங்கள்.

———

மார்கழி 11, வெள்ளி

💧💧 அதிகாலையில் பனி, பகலில் மேகம்
🌧️ இல்லை

🌾 இது குலைநோய்க்கு ஏற்ற காலம்.
👀 காலையில் இலையைத் திருப்பிப் பாருங்கள். கண் போன்ற புள்ளி, இரண்டு முனையும் கூர்மை, நடுவில் சாம்பல், ஓரத்தில் பழுப்பு. அப்படி இருந்தால் 📷 எனக்கு அனுப்புங்கள். அலுவலரிடம் காட்டிவிட்டு மருந்து சொல்கிறேன்.
❌ புள்ளி தெரிந்த வயலுக்கு யூரியா

படத்தைக் கிட்டப்போய் எடுங்கள். போன வாரம் வந்த படத்தில் வயலும் வானமும் ஒரு கொக்கும் இருந்தன. இலை மட்டும் இல்லை.

———

தை 2, வெள்ளி

மாட்டுப் பொங்கல் வாழ்த்து 🐂

☀️ திங்கள் வரை
🌧️❓ செவ்வாய், புதன்

🌾 ✅ கதிர் முற்றிப் பழுத்த வயலை திங்களுக்குள் அறுத்துவிடுங்கள்
❌ பச்சைக் கதிரை மழைக்குப் பயந்து அறுக்காதீர்கள். கொள்முதல் நிலையத்தில் ஈரப்பதம் 17 சதவீதத்துக்கு மேல் போனால் நிறுத்திவிடுவார்கள்.
✅ நெல்லைச் சாலையில் கொட்டியவர்கள் தார்ப்பாயைக் கையில் வைத்திருங்கள்

🫘 உளுந்து, பயறு: அறுவடைக்கு ஒரு வாரம் முன்னால், மண் மெழுகுப் பதத்தில் இருக்கும்போது நிற்கும் நெல்லிலேயே விதையுங்கள். தண்ணீர் நின்றால் விதை அழுகும்.

இது ❓ போட்ட செய்தி. மழை வராவிட்டால் என்னைத் திட்டாதீர்கள். வந்துவிட்டால் நெல்லை மூடியிருந்தீர்களா என்று நான் கேட்பேன்.

———

மாசி 26, செவ்வாய்

🔥🔥 இந்த வாரம் முழுவதும்
💨 பிற்பகலில் உப்புக்காற்று
🌧️ இல்லை

🫘 பூவும் பிஞ்சுமாக நிற்கும் உளுந்து
✅ டி.ஏ.பி. கரைசல் தெளியுங்கள். ஏக்கருக்கு 4 கிலோவை இரவே தண்ணீரில் ஊறவையுங்கள். மறுநாள் தெளிந்த நீரை மட்டும் வடித்தெடுத்து, மொத்தம் 200 லிட்டராக்கித் தெளியுங்கள்
⏰ ✅ மாலை 4 மணிக்கு மேல்
⏰ ❌ உச்சி வெயிலில் தெளித்தால் இலை கருகும், காற்றில் பாதி உங்கள் முகத்துக்கே வரும்

🐄 ✅ நிழல், நாளுக்கு நான்கு முறை தண்ணீர்
👵👴 ❌ மதியம் 12 முதல் 3 வரை களைவெட்டு
🥤 மோர், கஞ்சித் தண்ணீர் குடியுங்கள். தலை சுற்றினால் உடனே நிழலுக்கு வாருங்கள், வேலை முடியட்டும் என்று நிற்காதீர்கள்.

கீழத்தெரு அக்கா கேட்டது: 🔥 ஒன்றுக்கும் இரண்டுக்கும் என்ன வேறுபாடு? ஒன்று என்றால் தலையில் துண்டு போட்டுக்கொண்டு வேலை செய்யலாம். இரண்டு என்றால் மதியம் வேலையே வேண்டாம். அடுத்த செய்தி வெள்ளி மாலை 6 மணிக்கு.