தேர்வில் கூடுதல் நேரமும் தனி இருக்கையும் வேண்டி விண்ணப்பம்

அனுப்புநர்:
பா. சுமதி,
(பத்தாம் வகுப்பு 'ஆ' பிரிவு மாணவி பா. நிவேதாவின் தாய்)
மயிலாடுதுறை.

பெறுநர்:
தலைமை ஆசிரியை அவர்கள்,
மேல்நிலைப் பள்ளி,
மயிலாடுதுறை.

நாள்: 14.10.2024

பொருள்: ஏ.டி.எச்.டி. உள்ள மாணவிக்கு அரையாண்டுத் தேர்விலும் திருப்புதல் தேர்வுகளிலும் கூடுதல் நேரம் உள்ளிட்ட வசதிகள் வழங்கவும், பொதுத்தேர்வுக்கான விண்ணப்பத்தைப் பரிந்துரைத்து அனுப்பவும் வேண்டுதல் – தொடர்பாக.

மதிப்பிற்குரிய அம்மா,

வணக்கம். என் மகள் நிவேதாவுக்கு ஏ.டி.எச்.டி. எனப்படும் கவனக்குறைவு மிகைச்செயல்பாட்டுக் குறைபாடு இருப்பதைக் கடந்த ஆகஸ்ட் மாதம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் மனநல மருத்துவர் பரிசோதித்து உறுதிசெய்தார். பெயரைக் கேட்டதும் ஓரிடத்தில் உட்காராமல் ஓடித் திரியும் பிள்ளைதான் பலருக்கும் நினைவுக்கு வரும். நிவேதா அப்படியல்ல. வகுப்பில் சத்தமில்லாமல் உட்கார்ந்திருப்பாள், ஆனால் கவனம் கைநழுவிப் போய்க்கொண்டே இருக்கும். பெண் பிள்ளைகளிடம் இக்குறைபாடு பல ஆண்டுகள் தெரியாமலேயே இருந்துவிடுவதற்கு இந்த அமைதியும் ஒரு காரணம் என்று மருத்துவர் சொன்னார். ஆறாம் வகுப்பிலிருந்து அவளுடைய மதிப்பெண் அட்டைகளில் 'கவனம் தேவை' என்று எழுதப்பட்டு வந்தபோதெல்லாம், அது அவளுடைய பிடிவாதம் என்றெண்ணி நானே பலமுறை கடிந்துகொண்டிருக்கிறேன். அதை நினைத்து இன்று வருந்துகிறேன்.

உளவியலாளர் செய்த மதிப்பீட்டில், அவளுடைய அறிவுத்திறன் வயதுக்கேற்ற அளவில் இருப்பதாகவும், படித்தவுடன் மனத்தில் நிறுத்திவைத்துக் கையாளும் நினைவாற்றலும் எழுத்துப் பணியை முடிக்கும் வேகமும் மட்டும் தெளிவாகக் குறைந்திருப்பதாகவும் குறிப்பிடப்பட்டுள்ளது. தினமும் காலையில் மாத்திரை எடுத்துக்கொள்கிறாள். அதனால் முன்பைவிட நெடுநேரம் ஒரே வேலையில் இருக்க முடிகிறது என்றாலும், எழுதி முடிக்கும் வேகத்தில் பெரிய மாற்றத்தை நாங்கள் இதுவரை காணவில்லை.

காலாண்டுத் தேர்வில் நடந்ததை விரிவாகச் சொன்னால் என் கோரிக்கையின் காரணம் தங்களுக்கு விளங்கும். கணிதத்தில் அவள் 47 மதிப்பெண் பெற்றாள். விடைத்தாளை வாங்கிப் பார்த்தபோது, ஐந்து மதிப்பெண் வினாக்களில் மூன்றையும், நான்காம் பகுதியின் 43, 44 ஆம் வினாக்களான வடிவியல் வரைதலையும் வரைபடத்தையும் அவள் தொடவே இல்லை என்பது தெரிந்தது. அதாவது 31 மதிப்பெண்ணுக்கு அவள் எதுவுமே எழுதவில்லை. வரைபடம் அவளுக்கு மிகவும் பிடித்த பகுதி. வகுப்புத் தேர்வுகளில் அதில் முழு மதிப்பெண் வாங்குபவள். எழுதிய கணக்கு ஒன்றில் முதல் வரியில் இருந்த –7x இரண்டாம் வரியில் 7x ஆகிவிட்டது. அதைக் கண்டுபிடித்து, அடித்துவிட்டு, முதலிலிருந்து மறுபடி போட்டிருக்கிறாள். அந்த ஒரு கணக்கிற்கே விடைத்தாளில் மூன்று பக்கங்கள் போயிருந்தன. சன்னலோர இருக்கையில், நடைபாதையில் யார் நடந்தாலும் தலை நிமிர்ந்ததாகவும், ஒவ்வொரு முறையும் வினாவை மறுபடி முதலிலிருந்து படிக்க வேண்டியிருந்ததாகவும் அவள் என்னிடம் சொன்னாள்.

விடுமுறையில், அவள் முன்பு பார்த்திராத பழைய பொதுத்தேர்வுக் கணித வினாத்தாள் ஒன்றை வீட்டில் எழுதச் சொன்னேன். மூன்று மணி நேரம் முடியும்வரை நீல மை, அதன்பிறகு கறுப்பு மை என்று ஏற்பாடு செய்துகொண்டோம். தங்கள் பள்ளிக் கணித ஆசிரியை அவர்கள் அன்புடன் அதைத் திருத்தித் தந்தார்கள். நீல மையில் எழுதியதற்கு 52, அடுத்த ஐம்பது நிமிடங்களில் கறுப்பு மையில் எழுதியதற்கு 25, ஆக மொத்தம் 77. அந்த விடைத்தாளையும் இத்துடன் இணைத்துள்ளேன். தாங்கள் நேரில் பார்க்க வேண்டுமென்பது என் விருப்பம்.

எனவே வரும் அரையாண்டுத் தேர்விலும் அதைத் தொடரும் திருப்புதல் தேர்வுகளிலும் மூன்று மணி நேரத் தேர்வு ஒவ்வொன்றுக்கும் ஒரு மணி நேரம் கூடுதலாக அனுமதிக்குமாறு வேண்டுகிறேன். மாற்றுத்திறனாளிகளின் எழுத்துத் தேர்வுகளுக்காக மத்திய அரசு 2018இல் வெளியிட்ட நெறிமுறைகளில், தேர்வின் ஒவ்வொரு மணி நேரத்திற்கும் 20 நிமிடத்திற்குக் குறையாமல் ஈடுநேரம் தர வேண்டும் என்று உள்ளது. அந்த அளவையே நானும் பின்பற்றிக் கேட்கிறேன். அத்துடன், சன்னலுக்கும் வாசலுக்கும் அப்பால் முன்வரிசையில், முடிந்தால் மாணவிகள் குறைவாக உள்ள அறையில், அவளுக்கு இடம் ஒதுக்கித் தர வேண்டும். மணிக்கு ஒருமுறை இரண்டு நிமிடம் எழுந்து நின்று தண்ணீர் குடிக்க அனுமதி வேண்டும். அறைக் கண்காணிப்பாளர் அரைமணிக்கு ஒருமுறை நேரத்தை மட்டும் மெதுவாக நினைவூட்டினால் பேருதவியாக இருக்கும், ஏனெனில் நேரம் போவதே அவளுக்குத் தெரிவதில்லை. வரைபடத்தாளைத் தொடக்கத்திலேயே விடைத்தாளுடன் கட்டிக் கொடுத்துவிட்டால், அதைத் தவறவிடும் பதற்றமும் நீங்கும்.

சொல்வதை எழுதுபவரோ, எளிமையான வினாத்தாளோ, கருணை மதிப்பெண்ணோ, மொழிப்பாட விலக்கோ நாங்கள் கேட்கவில்லை. மற்ற பிள்ளைகள் எழுதும் அதே வினாத்தாளை அவளும் தன் கையாலேயே எழுத விரும்புகிறாள்.

மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் சட்டம், 2016இன் 17ஆவது பிரிவு, தேர்வு முறையில் செய்ய வேண்டிய மாற்றங்களில் கூடுதல் நேரத்தையும் வெளிப்படையாகக் குறிப்பிடுகிறது. அச்சட்டத்தின் அட்டவணையில் ஏ.டி.எச்.டி. தனியாகப் பெயர் சொல்லப்படவில்லை என்பதை மறைக்காமல் தெரிவித்துக்கொள்கிறேன். ஆயினும் நீண்டகால உடல், மன, அறிவு அல்லது புலன் குறைபாடு, சூழலில் உள்ள தடைகளோடு சேர்ந்து ஒருவரின் முழுப் பங்கேற்பைத் தடுக்குமானால் அவரையும் மாற்றுத்திறனாளி என்றே அச்சட்டம் வரையறுக்கிறது. பள்ளி அளவிலான தேர்வுகளில் முடிவெடுப்பது தங்கள் கையில் இருப்பதால், இதைத் தங்கள் பரிவான பார்வைக்கு வைக்கிறேன்.

பொதுத்தேர்வுக்கான சலுகை விண்ணப்பம் பள்ளி வழியாகவே அரசுத் தேர்வுகள் இயக்ககத்திற்குச் செல்ல வேண்டியிருப்பதால், தங்கள் பரிந்துரையுடன் அதை உரிய காலத்தில் அனுப்பிவைக்குமாறும், அதற்கு மேற்கொண்டு சான்றிதழ் எதுவும் தேவைப்பட்டால் முன்கூட்டியே தெரிவிக்குமாறும் கேட்டுக்கொள்கிறேன். தாங்கள் சொன்ன மறுநாளே மருத்துவமனைக்குச் சென்று வாங்கி வருவேன். அரையாண்டுத் தேர்விலேயே இந்த ஏற்பாட்டுடன் எழுதிப் பழகினால், எந்த வசதி உண்மையில் உதவுகிறது, எது தேவையில்லை என்பது பொதுத்தேர்வுக்கு முன் நமக்கும் தெரிந்துவிடும்.

இன்னும் ஒரு வேண்டுகோள். நிவேதாவின் மருத்துவ விவரங்களைப் பாட ஆசிரியர்களும் தேர்வுப் பொறுப்பாளரும் மட்டும் அறிந்தால் போதும், வகுப்பில் அறிவிக்க வேண்டாம். தோழிகளிடம் எப்போது, எப்படிச் சொல்வது என்பதைத் தானே முடிவுசெய்ய வேண்டுமென்று அவள் என்னிடம் கேட்டிருக்கிறாள்.

தாங்கள் குறிப்பிடும் நாளில் நானும் அவள் அப்பாவும் நேரில் வந்து பேசத் தயாராக இருக்கிறோம். அக்டோபர் மாத இறுதிக்குள் தங்கள் முடிவை எழுத்து மூலம் தெரிவித்தால் அதற்கேற்ப அவளைத் தயார்செய்ய எங்களுக்கு வசதியாக இருக்கும்.

நன்றி.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
பா. சுமதி

இணைப்பு: மருத்துவச் சான்றிதழ் நகல், உளவியல் மதிப்பீட்டு அறிக்கை நகல், காலாண்டுக் கணித விடைத்தாள் நகல், வீட்டில் எழுதிய கணித விடைத்தாள்.