குறுவை உர பில்: வரி வரியாகப் பிரித்த கணக்கு

அண்ணே, வணக்கம். நீடாமங்கலம் கடையிலிருந்து நீங்க ஒட்டி அனுப்பின பில்லைப் பிரிச்சு அட்டவணை ஆக்கிட்டேன். ஒப்பிட்டுப் பார்க்க வசதியா, நீங்க அனுப்பினதை முதல்ல அப்படியே வெச்சிருக்கேன்.

```
1 ஆடுதுறை 43 விதைநெல் 30கிலோ 1006 6 1140.00 6840.00
2 யூரியா 45கிலோ 3102 12 266.50 3198.00
3 டிஏபி 50கிலோ 3105 8 1350.00 1O8OO.OO
4 பொட்டாஷ் 50கிலோ 3104 4 1650.00 6600.00
5 ஜிங்க் சல்பேட் 21%
10கிலோ 2833 8 620.00 4960.00
6 வேப்பம்புண்ணாக்கு 40கிலோ 2306 1O 980.00 9800.00
7 ஏற்றுக்கூலி 48 8.00 480.00
மொத்தம் 42678.00
```

பிரிச்சது இது:

| பொருள் | அளவு | விலை (ரூ.) | தொகை (ரூ.) |
|---|---:|---:|---:|
| ஆடுதுறை 43 விதைநெல், 30 கிலோ மூட்டை | 6 | 1140.00 | 6840.00 |
| யூரியா, 45 கிலோ மூட்டை | 12 | 266.50 | 3198.00 |
| டிஏபி, 50 கிலோ மூட்டை | 8 | 1350.00 | 10800.00 |
| பொட்டாஷ், 50 கிலோ மூட்டை | 4 | 1650.00 | 6600.00 |
| ஜிங்க் சல்பேட் 21%, 10 கிலோ பை | 8 | 620.00 | 4960.00 |
| வேப்பம்புண்ணாக்கு, 40 கிலோ மூட்டை | 10 | 980.00 | 9800.00 |
| ஏற்றுக்கூலி, மூட்டைக்கு | 48 | 8.00 | 480.00 |
| மொத்தம் | | | 42678.00 |

ஏழாவது வரியைத் தவிர மத்ததெல்லாம் சரி. அதுல மட்டும் கடைக்காரர்கிட்ட ஒரு வார்த்தை கேட்கணும். 48 மூட்டைக்கு 8 ரூபாய்னா 384 தான் வரும். பில்லுல 480 போட்டிருக்கு. மேலே உள்ள ஆறு வரியில மூட்டை, பை எல்லாத்தையும் கூட்டினேன், 48 சரியா வருது. அதனால எண்ணிக்கையில தப்பு இல்லை. 480 வரணும்னா மூட்டைக்கு 10 ரூபாய் ஆகணும். 8ன்னு பேசி 10 போட்டாங்களா, 10ன்னு பேசி 8ன்னு அடிச்சாங்களா, பில்லைப் பார்த்து சொல்ல முடியாது. வித்தியாசம் 96 ரூபாய். கூலி பேசினப்ப நீங்கதான் இருந்தீங்க, உங்களுக்கே தெரியும். அட்டவணையில பில்லுல உள்ளபடியே விட்டிருக்கேன். நானா ஒரு எண்ணைத் திருத்தி வெச்சா, நாளைக்குத் தணிக்கையில பில் ஒண்ணு கணக்கு ஒண்ணுன்னு நிக்கும்.

மத்த வரிகளை எப்படிப் படிச்சேன்னும் சொல்லிடறேன், அடுத்த தடவை நீங்களே செய்யலாம். முதல் வரியில பெயருக்குப் பின்னாடி ஆறு எண் வரிசையா நிக்குது. 43 ரகத்தோட எண், 30 மூட்டை எடை, 1006 ஜிஎஸ்டி வரிக்கான பொருள் குறியீடு. நமக்கு வேண்டியது கடைசி மூணு: 6, 1140, 6840. இந்த மூணுல முதல் ரெண்டைப் பெருக்கினா மூணாவது வரணும், வந்தா சரியா பிரிச்சிருக்கோம்னு அர்த்தம். யூரியாவில 45ஐ அளவுன்னு எடுத்திருந்தா 11992.50 வந்து நிக்கும், உடனே தெரிஞ்சிடும். யூரியா 266.50, டிஏபி 1350 ரெண்டும் மூட்டையில அச்சடிச்ச விலையேதான்.

ஜிங்க் சல்பேட் ரெண்டு வரியா உடைஞ்சு வந்துச்சு, சேர்த்துட்டேன். ஏக்கருக்கு 10 கிலோன்னு நம்ம எட்டு ஏக்கருக்கு 8 பை பொருந்துது.

இன்னொண்ணு கவனமா இருக்கணும் அண்ணே. போட்டோவிலிருந்து எழுத்தை எடுக்கிறப்ப டிஏபி தொகையிலயும் புண்ணாக்கு அளவிலயும் பூஜ்யத்துக்குப் பதிலா ஆங்கில எழுத்து O விழுந்திருக்கு. கண்ணுக்கு ரெண்டும் ஒண்ணுதான். எக்செல் அதை எண்ணா எடுத்துக்காது. பெருக்குற இடத்துல தப்புன்னு காட்டும், கூட்டுற இடத்துலயோ சத்தமில்லாம விட்டுடும். அப்படியே ஒட்டியிருந்தா டிஏபியோட 10800 கழிஞ்சு மொத்தம் 31878ன்னு காட்டியிருக்கும். அந்தத் தொகையை வெச்சு நம்ம குழு உறுப்பினர்கிட்ட வசூல் பண்ணியிருந்தா மிச்சத்தை யார் கையிலிருந்து போடுறது?

எக்செல்ல பொருளை A-யிலும், அளவு, விலை, தொகையை B, C, D-யிலும் வெச்சு, முதல் வரியைத் தலைப்புக்கு விட்டுட்டு, E2-வுல இதைப் போட்டுக் கீழே இழுங்க:

```
=B2*C2-D2
```

எல்லாம் 0 வரணும். இந்த பில்லுல E8 மட்டும் -96 காட்டும். மொத்தத்துக்கு:

```
=SUM(D2:D8)
```

ஏற்றுக்கூலி எவ்வளவுன்னு நீங்க கேட்டு சொன்னதும், கடைக்காரர் பில்லைத் திருத்தித் தந்தா அதை வெச்சு ஏழாவது வரியையும் மொத்தத்தையும் மாத்துறேன். 8 ரூபாய்தான்னா மொத்தம் 42582. அதுவரைக்கும் பணம் அனுப்ப வேண்டாம், உறுப்பினர் பங்கையும் பிரிக்க வேண்டாம்.