எடுத்துக் கொடுத்தால் வரும்

இசக்கிமுத்துவின் அறிவியல் நோட்டில் சோடியத்தின் குறியீடு S என்று எழுதப்பட்டிருந்தது. நான் அதைச் சிவப்பு மையால் அடித்து Na என்று திருத்தினேன். மறுநாள் அதே நோட்டில், வேறொரு பக்கத்தில், மீண்டும் S என்று இருந்தது. நான்காவது நாள் திருத்துவதற்கு முன்பே அவன் என்னைப் பார்த்து, "சோடியம்னு தானே டீச்சர் சொல்லுதோம், அப்ப S தானே வரணும்?" என்று கேட்டான். S கந்தகத்துக்குப் போய்விட்டது என்றும், சோடியத்துக்கு லத்தீனில் நாட்ரியம் என்று பெயர் இருந்ததால் Na வந்தது என்றும் அதற்கு முன்பே மூன்று முறை விளக்கியிருந்தேன். ஒவ்வொரு முறையும் தலையை ஆட்டிக் கேட்டுக்கொள்வான். விடிந்தால் S என்றே எழுதுவான்.

தேரூர்க் குளத்தின் கரைக்கு அருகில், எங்கள் வீட்டுப் படிப்புரையில்தான் டியூஷன் நடக்கும். மாலை ஐந்தரை மணிக்குப் பதினான்கு பிள்ளைகள் பாய் விரித்து உட்காருவார்கள். ஏழாம் வகுப்புப் பிள்ளைகள் ஐந்து பேரில் இசக்கி மட்டும் பாயில் உட்கார மாட்டான். தூணில் சாய்ந்துகொண்டு, தன் ஜியாமெட்ரி பெட்டியை மடியில் வைத்து விரலால் தட்டிக்கொண்டே இருப்பான். "தட்டாதே இசக்கி" என்று நான் ஒரு மாலையில் பத்து முறையாவது சொல்லியிருப்பேன். பெட்டியைப் பிடுங்கி மேசைமேல் வைத்த நாட்களும் உண்டு. அப்படி வைத்த நாட்களில் அவன் ஒரு வார்த்தைகூடப் பேசாமல் குளத்துப் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தான் என்பது, எல்லாம் முடிந்த பிறகுதான் எனக்கு நினைவுக்கு வந்தது.

அவன் அம்மா விடியற்காலையில் தோவாளைப் பூச்சந்தைக்குப் போய்ப் பூக்கட்டிவிட்டு வருகிறவர். மாதக் கட்டணத்தைக் கொடுக்க வரும்போதெல்லாம், "ரெண்டு அடி போடுங்கோ டீச்சர், அடம் புடிச்ச பயலாக்கும், அடிச்சாத்தான் படிப்பான்" என்று சொல்லிவிட்டுப் போவார். நான் பிள்ளைகளை அடிப்பதில்லை. ஆனால் அடிக்காமல் இருப்பதோடு ஆசிரியையின் கடமை முடிந்துவிடுகிறதா என்ற கேள்வி அந்த ஆனி மாதம் முழுவதும் என்னைக் குடைந்துகொண்டிருந்தது. அவன் மந்தமானவன் இல்லை என்பது அவன் கேட்கும் கேள்விகளிலேயே தெரிந்தது. ஆனால் அவனுக்குள் நுழைகிற வாசல் எந்தப் பக்கம் இருக்கிறது என்பது எனக்குத் தெரியவில்லை.

ஆடி கடைசிச் செவ்வாயன்று எங்கள் பக்கத்து அம்மன் கோவிலில் கொடை. இரவு சாப்பாட்டுக்குப் பிறகு என் அத்தையை அழைத்துக்கொண்டு வில்லுப்பாட்டுக் கேட்கப் போனேன். மேடையில் புலவர் நடுவில் அமர்ந்து, வீசுகோலை வில்லின் நாணில் தட்டிக் கதையை எடுத்துக்கொண்டிருந்தார். அவருக்குப் பக்கத்தில் குடத்தின் வாயைக் கமுகம்பாளை மட்டையால் அடித்துக்கொண்டிருந்தவர் இசக்கியின் தாத்தா. அவர் முழங்காலை ஒட்டி, கையில் தாளத்தோடு, வெள்ளை வேட்டியும் நெற்றி நிறையத் திருநீறுமாக இசக்கி உட்கார்ந்திருந்தான்.

அம்மனின் பிறப்பிலிருந்து வரம் வாங்குவது வரை கதை இரண்டரை மணி நேரம் நடந்தது. புலவர் ஒரு அடியைப் பாதி பாடி நிறுத்துவார். மீதிப் பாதி பின்பாட்டுக்காரர்களிடமிருந்து வரும். அதில் இசக்கியின் குரல் முதலில் வந்தது. புலவர், "அப்போ ராசா என்ன செய்தார்?" என்று வசனத்தில் கேட்டால், "என்ன செய்தார்?" என்று அவன் திருப்பிக் கேட்டு, அடுத்த அடிக்கு மூச்சை இழுத்துத் தயாராக இருந்தான். கையில் ஏடு இல்லை, எதிரே தாள் இல்லை. என் படிப்புரையில் ஒரு வரியைக்கூட நினைவில் வைக்காதவன், நூற்றுக்கணக்கான அடிகளை ஒன்றுகூட விடாமல் பிடித்துக்கொண்டிருந்தான். அத்தை தூக்கம் வருகிறது என்று கையை இழுத்தபோதும் என்னால் அந்த இடத்தை விட்டு நகர முடியவில்லை.

மறுநாள் காலையில் குடத்தை வைக்கோலில் பொதிந்து கட்டிக்கொண்டிருந்த தாத்தாவிடம் போய்ப் பேசினேன். "பாட்டெல்லாம் அவன் எழுதிப் படிச்சதா?" என்று கேட்டேன். அவர் சிரித்துவிட்டு, "எழுத்தும் இல்ல ஒண்ணும் இல்ல டீச்சரே. மூணு வயசிலேருந்து எம்பக்கத்திலேதான் இருக்கான். எடுத்துக் குடுக்கணும். எடுத்துக் குடுத்தா புடிச்சுக்கிடுவான்" என்றார்.

அன்று பிற்பகல் முழுவதும் உட்கார்ந்து ஒரு பாட்டு எழுதினேன். தனிமங்களின் பெயர்களையும் குறியீடுகளையும் எதுகை பார்த்து அடுக்கி, எல்லாரும் அறிந்த ஒரு மெட்டில் பொருத்தி, மாலையில் பிள்ளைகளுக்குப் பாடிக் காட்டினேன். மற்ற பிள்ளைகள் கை தட்டினார்கள். இசக்கி தூணில் சாய்ந்தபடியே, "இது பாட்டா டீச்சர்? சும்மா பேரைச் சொல்லிக்கிட்டே போகுது. கதையே இல்லையே. நான் எங்க புடிக்க?" என்று கேட்டான். அவன் குரலில் கேலி இல்லை. உண்மையிலேயே அவனுக்கு அதில் கால் வைக்க இடம் கிடைக்கவில்லை. தாத்தா சொன்னதில் பாதியைத்தான் நான் கேட்டிருக்கிறேன் என்பது அப்போது எனக்குப் புரிந்தது. பாட்டு இருந்தால் மட்டும் போதாது, அதில் ஒருவர் பாதியை விட வேண்டும், மற்றவர் அதைப் பிடிக்க வேண்டும்.

மறுநாள் ஜியாமெட்ரி பெட்டியை நானே எடுத்து அவன் கையில் கொடுத்தேன். "தட்டு" என்றேன். அவன் நம்பாமல் பார்த்தான். பிறகு கவனமாக, கட்டைவிரலால் ஒரு அடியும் மற்ற விரல்களால் இரண்டு அடியுமாகத் தாளத்தை வைத்தான். நான் அந்தத் தாளத்தின்மேல் தொடங்கினேன்.

"உப்புக்குள்ளே ஒளிஞ்சிருக்கும் உலோகம் ஒண்ணு கேளடா..."

"கேட்டேன், பேரைச் சொல்லுங்க!"

"ஊரறிய சோடியம்தான், பெத்த பேரு என்னடா?"

அவன் விரல்கள் ஒரு கணம் நின்றன. நான் குரலைத் தாழ்த்தி, "நாட்ரியம்..." என்று எடுத்துக் கொடுத்தேன்.

"நாட்ரியம், நாட்ரியம், என்னும் ஏயும் எழுதணும்!" என்று பெட்டி அதிர அவன் முடித்தான். அந்தக் கடைசி அடியை நான் எழுதிவைத்திருக்கவில்லை. அவனாகவே தாளத்துக்குத் தகுந்தபடி கட்டிக்கொண்டான். ஏழாம் வகுப்புப் பிள்ளைகள் நால்வரும் பாயை இழுத்துக்கொண்டு அவனைச் சுற்றி வந்து உட்கார்ந்தார்கள்.

அதன் பிறகு இரும்பு ஃபெர்ரம் என்ற பெத்த பேரோடு Fe ஆக வந்தது. பொட்டாசியம் காலியமாகி K ஆனது. தங்கம் ஆரம், வெள்ளி அர்ஜென்டம், ஈயம் பிளம்பம், வெள்ளீயம் ஸ்டானம் என்று ஒவ்வொன்றும் ஒரு சாமியைப் போலத் தன் பிறப்பைச் சொல்லிக்கொண்டு எங்கள் படிப்புரைக்கு வந்தது. நான் சந்தத்தைத் தவறவிட்ட இடங்களில், "அங்க ஒரு அரை மாத்திரை விடணும் டீச்சர், இல்லேன்னா நான் புடிக்க முடியாது" என்று அவன் திருத்தினான். அவன் சொன்ன இடத்தில் நிறுத்திப் பாடினால் அடி நின்றது.

கணக்கையும் அதே வழியில் கொண்டுவந்தோம். வட்டத்தின் பரப்பைக் காண, சுற்றளவில் பாதியை விட்டத்தில் பாதியால் பெருக்க வேண்டும் என்று நம்முடைய பழைய கணக்கு நூல்கள் செய்யுளாகவே சொல்லியிருக்கின்றன. அப்படிப் பெருக்கினால் πr² தான் வரும். திண்ணைப் பள்ளிக்கூடத்தில் எண்சுவடியை ராகம் போட்டுச் சொல்லித்தான் படித்தோம் என்று என் தாத்தா சொல்லக் கேட்டு வளர்ந்தவள் நான். குழந்தைகளுக்காக அத்தனை பாட்டுப் பாடிய கவிமணி 1876-இல் பிறந்ததும் இதே தேரூரில்தான். இவ்வளவும் என் கைக்கு எட்டும் தூரத்தில் இருந்தும், ஒரு பிள்ளையின் விரல் தட்டலை மூன்று மாதம் இடைஞ்சல் என்றே எண்ணியிருந்தேன். அதை நினைக்கும்போது இன்றும் எனக்கு வருத்தமாகவே இருக்கிறது.

ஒரு பிள்ளையின் அப்பா வந்து, டியூஷன் நடக்கிறதா கச்சேரி நடக்கிறதா என்று கேட்டுவிட்டுப் போனார். தன் மகளை இருபத்தைந்து தனிமங்களின் குறியீடுகளை வரிசையாகச் சொல்லச் சொல்லிக் கேட்ட பிறகு அவர் மறுபடி வரவில்லை.

காலாண்டுத் தேர்வுக்கு ஒரு வாரம் இருக்கும்போது இசக்கி எல்லாரும் போன பிறகும் படிப்புரையில் நின்றான். "டீச்சர், பரீட்சை ஹால்ல யாரு எடுத்துக் குடுப்பா?" என்று கேட்டான். எனக்கு உடனே பதில் வரவில்லை. இத்தனை நாளும் நான் கட்டிக்கொடுத்தது பாதிப் பாலம்தான் என்று தோன்றியது. கொசு மொய்க்கத் தொடங்கிய அந்த நேரத்தில் இருவரும் படிக்கட்டில் உட்கார்ந்து யோசித்தோம். புலவருக்குத் தொண்டை கட்டிக்கொண்டால் கொடையில் என்ன செய்வார்கள் என்று கேட்டேன். "தாத்தா ரெண்டையும் பாடுவாவ. கேக்கதும் அவியதான், சொல்லுததும் அவியதான்" என்றான். சொல்லி முடித்ததும் அவனே நிமிர்ந்து பார்த்தான்.

அந்த வாரம் முழுவதும் வாய் திறக்காமல் பாடப் பழகினோம். பெட்டி வேண்டாம் என்று வைத்துவிட்டு, வலது கால் பெருவிரலால் தரையில் தாளம் போட்டுக்கொண்டு, முன்பாட்டை மனத்துக்குள் என் குரலிலும் பின்பாட்டை அவன் குரலிலும் ஓட்டிப் பார்த்தான். முதல் இரண்டு நாட்கள் உதடு அசைந்தது; மூன்றாம் நாள் நெற்றி மட்டும் சுருங்கியது. வெள்ளிக்கிழமை பதினைந்து குறியீடுகளைக் கேட்டு எழுதச் சொன்னேன். கால்விரல் மட்டும் அசைய, தாளில் பென்சில் ஓடியது.

விடைத்தாள் வந்த அன்று, பள்ளிப் பையைக்கூட வீட்டில் வைக்காமல் நேரே படிப்புரைக்கு வந்தான். அறிவியலில் முந்தைய தேர்வில் 19 வாங்கியவன், இப்போது 63 வாங்கியிருந்தான். தாளைப் புரட்டினேன். சோடியத்துக்கு நேராக Na என்று, பேனாவை அழுத்தி, மற்ற எல்லா எழுத்துகளையும்விடப் பெரிதாக எழுதியிருந்தான். வெள்ளீயத்துக்கு நேராக மட்டும் St என்று எழுதி, அது தப்பாகியிருந்தது.

"ஸ்டானத்துக்கு Sn இல்லையா இசக்கி?" என்று கேட்டேன்.

"அந்த அடி சரியில்ல டீச்சர். நீங்க எடுக்கும்போதே இழுத்திட்டீங்க, n வர வேண்டிய இடத்தில தாளம் முடிஞ்சு போவுது. நான் மாத்தி வச்சிருக்கேன். உக்காருங்க."

நான் பாயில் உட்கார்ந்தேன். அவன் தூணில் சாய்ந்து, ஜியாமெட்ரி பெட்டியை மடியில் வைத்துத் தாளத்தைத் தொடங்கினான். பிறகு முதல் பாதியைப் பாடி, என்னைப் பார்த்து நிறுத்தினான்.