பார்பெஸ் சந்தைக்குப் போக முன் படிக்க: காய்கறி, பழம், நிறை, விலை கேட்கும் பிரெஞ்சு

சனிக்கிழமை வகுப்புக்கு வரும் எல்லாருக்கும்.

பரிஸில் எங்கள் லா ஷப்பல் கடைத்தெருவில் தமிழிலேயே எல்லாம் வாங்கலாம். ஆனால் சற்றுத் தள்ளி, 2ஆம் இலக்க மெற்றோ ஓடும் பாலத்தின் கீழ், புதனும் சனியும் காலையில் கூடும் பார்பெஸ் சந்தையில் காய்கறி மலிவு. அங்கே பிரெஞ்சுதான் வேண்டும். இந்தத் தாளைச் சத்தமாக வாசித்துப் பழகுங்கள்.

முதல் சொல் போன்ஜூர். அதைச் சொல்லாமல் "தொமாத், கொம்பியன்?" என்று கேட்டால் அதட்டுவதுபோல் இருக்கும், கடைக்காரரின் முகம் மாறிவிடும். பெண் என்றால் போன்ஜூர் மதாம், ஆண் என்றால் போன்ஜூர் முஸ்யே. அதன்பிறகு ஜ வூத்ரே (எனக்கு வேண்டியிருந்தது என்பதுபோல் பணிவானது), கடைசியில் சில் வூ ப்ளே (தயவுசெய்து). "ஜ வெ" என்று மட்டும் சொல்லாதீர்கள். அது "எனக்கு வேணும்" என்று அடம்பிடிப்பதுபோல் கேட்கும்.

காய்கறி: தக்காளி தொமாத், வெங்காயம் ஒன்யோன், உள்ளி ஆய், இஞ்சி ஜன்ஜாம்ப்ர், கத்தரிக்காய் ஓபெர்ஜீன், வெண்டிக்காய் கொம்போ, போஞ்சி அரிகோ வேர், கோவா ஷூ, கரட் கரோத், கொத்தமல்லி கொரியாந்த்ர். உருளைக்கிழங்கு பொம் து தேர், அதாவது மண்ணின் அப்பிள். வெறும் பொம் என்றால் அப்பிள்தான் கிடைக்கும்.

மூன்று சொற்களைக் கவனியுங்கள். பிமான் என்பது உறைப்பு மிளகாய், புவாவ்ரோன் குடைமிளகாய், புவாவ்ர் மிளகு. பச்சை மிளகாய்க்குப் பிமான் வேர். "வேர்" என்றால் பச்சை. தேசிக்காய்க்கும் அப்படியே சித்ரோன் வேர். சித்ரோன் என்று நிறுத்தினால் பெரிய மஞ்சள் எலுமிச்சையைத் தருவார்கள்.

பழம்: வாழைப்பழம் பனான், மாம்பழம் மாங்க், அன்னாசி அனனா, தோடம்பழம் ஒரான்ஜ், வத்தகப்பழம் பஸ்தெக், மாதுளம்பழம் க்ரெனாத், பேரிக்காய் புவார். ஊரில் ஆங்கிலம் படித்தவர்களுக்கு ஒன்று: இங்கே ரேஸன் என்றால் முந்திரிகைப்பழம். உலர்ந்ததற்கு ரேஸன் செக் என்று சொல்ல வேண்டும்.

அவோகா உங்களில் பலருக்குத் தெரிந்த சொல். அகதி வழக்குக்காக அலைந்தபோது சட்டத்தரணியை அப்படித்தான் சொன்னோம். பட்டர்ப்பழத்துக்கும் அதே சொல்தான். நீங்கள் கேட்டதும் கடைக்காரர் பழத்தின் காம்புப் பக்கத்தைக் கட்டைவிரலால் மெல்ல அமர்த்திப் பார்த்து, "பூர் ஓஜூர்துய்?" என்பார். இன்றைக்கு உண்ணவா என்று அர்த்தம். நாளைக்கு என்றால் பூர் தமன். அவர் தெரிந்து தருவார். நீங்களே கையால் அமுக்கிப் பார்க்காதீர்கள், பலருக்குப் பிடிக்காது.

நிறை: அன் கிலோ. அரைக் கிலோவுக்கு யூன் லீவ்ர், கால் கிலோவுக்கு யூன் துமி-லீவ்ர். எங்கள் அம்மாமார் சொன்ன றாத்தல் 454 கிராம். இங்கத்தைய லீவ்ர் சரியாக 500. கீரைக்கும் கொத்தமல்லிக்கும் ஒரு கட்டு யூன் பொத், சிறு பெட்டி யூன் பார்கெத். பலகையில் "லா பியெஸ்" என்று இருந்தால் அந்த விலை ஒன்றுக்கு, கிலோவுக்கு அல்ல. அன்னாசியிலும் மாம்பழத்திலும் இதைப் பார்க்காமல் வாங்கிவிட்டுக் காசு கொடுக்கும்போது திகைத்தவர்கள் இருக்கிறார்கள். விலை சொல்லும்போது இந்த எண்களைக் கவனியுங்கள்: 70 சுவாஸான்த்-தீஸ், 80 கத்ர்-வான், 90 கத்ர்-வான்-தீஸ்.

விலை பேசும் முறை இங்கே வேறு. எங்கள் சந்தையில் "வாடிப்போய்க் கிடக்கு, குறையுங்கோ" என்போம். இங்கே சாமானைக் குறை சொன்னால் பேச்சு அதோடு முடிந்துவிடும். எழுதிய விலைக்கு ஒரு கிலோ வாங்கிக்கொண்டு குறைக்கச் சொல்வதும் சரிவராது. கூடுதலாக வாங்கும்போதும், மதியம் தாண்டிக் கடை கட்டும் நேரத்திலும் கேட்கலாம். இருவர் இருவராகப் பேசிப் பழகுங்கள்:

– போன்ஜூர் முஸ்யே. லே தொமாத், செ கொம்பியன்? (வணக்கம் ஐயா. தக்காளி என்ன விலை?)
– போன்ஜூர் மதாம். அன் யூரோ கத்ர்-வான் ல கிலோ. (கிலோ 1 யூரோ 80.)
– செ அன் பெ ஷேர் பூர் முவா. ஸி ஜான் ப்ரான் தெ கிலோ, வூ ம ஃபெத் அன் ப்ரி? (எனக்குக் கொஞ்சம் விலை கூட. இரண்டு கிலோ எடுத்தால் குறைத்துத் தருவீங்களா?)
– த்ருவா யூரோ லே தெ. (இரண்டும் 3 யூரோ.)
– தக்கோர், மெர்சி. (சரி, நன்றி.)
– எ அவெக் சஸி? (வேறென்ன வேணும்?)
– ச ஸரா தூ, மெர்சி. பொன் ஜூர்னே. (இவ்வளவும் போதும், நன்றி. நல்ல நாளாகட்டும்.)

குறைக்க மாட்டேன் என்றால் "தான் பி, மெர்சி கான் மெம்" (பரவாயில்லை, இருந்தாலும் நன்றி) என்று சிரித்த முகத்தோடு சொல்லி நகருங்கள். அடுத்த கிழமையும் அதே கடைக்குத்தான் போகப் போகிறீர்கள்.

வரும் சனி மதியம் 12 மணிக்கு பார்பெஸ்-ரொஷெஷுவார் மெற்றோ வாசலில் நிற்பேன். ஒவ்வொருவரும் ஒரு பையும் 5 யூரோ சில்லறையும் கொண்டுவாருங்கள். நான் பக்கத்தில் நிற்பேன், பேசுவது நீங்கள்.